ஒரே பயிற்சிக் கோப்பு, பல பேட்ச்: பெரியவர்களுக்கான ஃபார்முலா வகுப்பில் எது நிற்கிறது, எது நிற்பதில்லை

சமுதாயப் பயிற்சி மையத்தில் பெரியவர்களுக்கு ஸ்ப்ரெட்ஷீட் ஃபார்முலா சொல்லிக்கொடுக்க நீண்ட நாளாக ஒரே பாடத்தைத்தான் எடுத்து வருகிறேன். இரண்டு மணி நேரம், ஒரு பயிற்சிக் கோப்பு, அதற்குள் சில சிறு பணிகள். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்கு புதிதல்ல, கணினிதான் புதிது. நோட்டில் கூட்டிக் கழித்துப் பழகியவர்கள், தப்பான விடை வந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்ப்பவர்கள். அந்தப் பழக்கம்தான் இந்தப் பாடத்துக்குக் கைகொடுக்கிறது. பலர் சில மாதம் கழித்துத் தங்கள் கோப்போடு திரும்ப வந்து கேட்பதுண்டு. அதனால் எது அவர்களிடம் தங்கியிருக்கிறது என்று ஓரளவு தெரியும்.

பாடத்தின் உயிர் ஒரு மீட்டர் ரீடிங் அட்டவணை. A-யில் மாதம், B-யில் ரீடிங், C-யில் அந்த மாதம் ஓடிய யூனிட், D-யில் யூனிட்டுக்கான தொகை, E-யில் மொத்தக் கட்டணம். வலப்பக்கம் தனியாக G1-இல் யூனிட் விலை 6, அதற்குக் கீழே G2-இல் நிலைக் கட்டணம் 8. B2 முதல் B5 வரை ரீடிங் 4210, 4318, 4441, 4530. எண்களை வேண்டுமென்றே சிறிதாக வைத்திருக்கிறோம். விடையைத் தாளிலேயே போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

முதல் பணி C3-இல் `=B3-B2` என்று எழுதிக் கீழே நிரப்புவது. 108, 123, 89 என்று வந்துவிடும். இங்கே நான் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பேன்: C5-ஐத் தொட்டால் மேலே ஃபார்முலா பட்டையில் என்ன எழுதியிருக்கும்? கணினியைத் தொடக் கூடாது, தாளில் எழுத வேண்டும். பாதிப் பேர் `=B3-B2` என்றே எழுதுவார்கள். அப்புறம் செல்லைத் தொட்டுப் பார்த்தால் `=B5-B4` இருக்கும். "B3-இலிருந்து B2-ஐக் கழி" என்று நாம் எழுதியதை, "பக்கத்துச் செல்லில் இருப்பதிலிருந்து அதற்கு மேலே இருப்பதைக் கழி" என்றுதான் அது வைத்துக்கொண்டிருக்கிறது. இது விளங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. விளக்கிச் சொன்னால் தலையாட்டுவார்கள், முன்கூட்டித் தாளில் எழுத வைத்தால்தான் உள்ளே போகிறது. ஒரு பேட்சில் நேரமில்லாமல் அந்தத் தாள் வேலையை விட்டுப் பார்த்தோம். அடுத்த பணியில் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள்.

அந்த அடுத்த பணிதான் இந்தப் பாடத்தின் மதிப்பு. D3-இல் யூனிட்டை விலையால் பெருக்க வேண்டும்:

```
=C3*G1
```

648 வருகிறது, சரியான விடை. கீழே நிரப்பினால் D4-இல் 984, D5-இல் 0. சுழியத்தைப் பார்த்ததும் எல்லோரும் பதறுவார்கள். 984-ஐ அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. பார்க்க நியாயமான தொகையாகத்தானே இருக்கிறது! ஆனால் D4-இல் இருப்பது `=C4*G2`. விலைக்குப் பதில் நிலைக் கட்டணத்தால் பெருக்கியிருக்கிறது, 123-ஐ 8-ஆல். வர வேண்டியது 738. D5 இன்னும் ஒரு படி இறங்கி G3-க்குப் போனது, அது காலிச் செல், அதனால் 0. G2-இல் 8 என்ற எண்ணை வைத்ததே இதற்காகத்தான். அந்த இடம் காலியாக இருந்தால் D3-க்குக் கீழே எல்லா வரிசையிலும் 0 வரும், தவறு தானாகப் பிடிபட்டுவிடும், பாடம் பாதிதான் பதியும்.

திருத்தம் எல்லோருக்கும் தெரிந்த டாலர் குறி:

```
=C3*$G$1
```

இப்போது 648, 738, 534. அதே வழியில் E3-இல் `=D3+$G$2` போட்டு நிரப்பினால் 656, 746, 542. டாலரை ஒவ்வொன்றாகத் தட்டவும் செய்யலாம், F4 விசையை அழுத்தவும் செய்யலாம். வகுப்பில் F4 தரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. ஃபார்முலாவை எழுதிக்கொண்டிருக்கும்போது, கர்சர் G1 மேல் இருக்கையில் அழுத்தினால்தான் டாலர் வரும். எண்டர் தட்டிய பிறகு அழுத்தினால் எக்செல் கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும், திடீரென்று ஒரு செல் மஞ்சளாகிவிடும். பல மடிக்கணினிகளில் கூடவே Fn-ஐயும் அழுத்த வேண்டும். நான் இப்போது முதல் நாள் கையால் தட்டவே சொல்கிறேன்.

இங்கேயே கணக்கைச் சரிபார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துவிடுகிறோம். கடைசி ரீடிங்கில் முதல் ரீடிங்கைக் கழித்தால் 320. அதை 6-ஆல் பெருக்கினால் 1920. D-யின் கூட்டுத்தொகையும் 1920 வர வேண்டும். கீழே ஒரு செல்லில் இதை எழுதி வைக்கிறார்கள்:

```
=SUM(D3:D5)-(B5-B2)*G1
```

0 வந்தால் நிம்மதி. டாலர் இல்லாத பழைய ஃபார்முலாவோடு இதே செல் -288 காட்டும், 984-ஐக் கண்ணால் தேட வேண்டியதில்லை. மாதங்கள் கழித்து வருகிறவர்களின் சொந்தக் கோப்புகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்தச் சரிபார்ப்புச் செல்லைத்தான். டாலரைக்கூடச் சிலர் மறந்துவிடுகிறார்கள், இதை மறப்பதில்லை. வேறு வழியில் கணக்கிட்டு ஒப்பிடுவது அவர்கள் நோட்டில் எப்போதும் செய்ததுதானே.

நிரப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து இழுக்கச் சொல்லிப் பார்த்தோம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், சுட்டியை அப்போதுதான் பிடிப்பவர்களுக்கும் அது வதை. ஓரத்தைப் பிடித்துவிட்டால் நிரப்புவதற்குப் பதில் செல்லே நகர்ந்துவிடும். நகர்ந்த ஃபார்முலாவில் செல் பெயர்களும் மாறாது, அதனால் முதலில் சொன்ன விளக்கம் பொய்யாகிவிட்டதுபோல் தோன்றும். இப்போது D3 முதல் D5 வரை தேர்ந்தெடுத்து Ctrl+D. ஒரே விசை, எல்லோருக்கும் ஒரே விளைவு.

மூன்றாவது பணி கட்டிய தொகைகள். வேறு தாள், B2 முதல் B4 வரை 656, 700, 542. கீழே இரண்டு ஃபார்முலா எழுதச் சொல்கிறோம்:

```
=SUM(B2:B4)
=B2+B3+B4
```

முதலாவது 1198 என்கிறது, இரண்டாவது 1898. வகுப்பே சத்தமாகிவிடும். எந்தக் கணினி கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. B3-இல் இருக்கும் 700 எண்ணாக அல்ல, எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது, முன்னால் ஒரு ஒற்றை மேற்கோளோடு. SUM செல்களின் வரம்பைப் படிக்கும்போது எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கூட்டல் குறியோ எண்ணாக மாற்ற முடிந்ததை மாற்றிக் கூட்டிவிடும். வெளியிலிருந்து ஒட்டும் பட்டியல்களில் இது வந்துகொண்டே இருக்கும் பிரச்சினை.

கண்டுபிடிப்பது எளிது: எண்கள் வலது ஓரம் ஒதுங்கும், எழுத்து இடது ஓரம். ஆனால் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைக்கிறவர்கள் அந்தக் குறிப்பைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். அப்போது `=COUNT(B2:B4)` போடச் சொல்கிறோம். அது எண்களை மட்டும் எண்ணும். மூன்று வர வேண்டிய இடத்தில் 2 வந்தால் ஒன்று எழுத்து. எந்தச் செல் என்று `=ISNUMBER(B3)` காட்டிவிடும். செல்லின் வடிவத்தை மட்டும் எண் என்று மாற்றினால் போதாது, உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது எக்செல் காட்டும் பச்சை முக்கோணத்தைத் தொட்டு எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும்.

பாடத்தின் பலவீனமான இடம் கடைசி அரை மணி. அங்கே IF இருக்கிறது: 100 யூனிட்டுக்கு மேல் போனால் "அதிகம்", இல்லையென்றால் "சரி". விஷயம் கடினமில்லை, தட்டச்சுதான் கடினம்.

```
=IF(C3>100,"அதிகம்","சரி")
```

ஆங்கிலமும் தமிழும் மாற்றி மாற்றி விசைப்பலகையைத் திருப்ப வேண்டும். அச்சிட்ட கையேட்டில் மேற்கோள் குறிகள் வளைந்து போய்விடுகின்றன, அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பிழை. போதாக்குறைக்குக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்துச் சில இடங்களில் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். களைத்துப்போன நேரத்தில் இவ்வளவையும் சமாளிக்க வைப்பது நியாயமில்லை. நான் இப்போது தமிழ்ச் சொற்களை J1, J2 செல்களில் முன்பே எழுதி வைத்துவிட்டு `=IF(C3>100,$J$1,$J$2)` என்று எழுத வைக்கிறேன். மேற்கோள் தொல்லை போனது, டாலருக்கு இன்னொரு பயிற்சியும் ஆனது.

கோப்பின் கடைசித் தாளில், பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடி எடுத்துத் தரும் VLOOKUP-உம் இருந்தது. எடுத்துவிட்டோம். நான்காவது மதிப்பாக FALSE போடாவிட்டால், வரிசைப்படுத்தாத பட்டியலில் அது தவறான விடையையே எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தரக்கூடும். அதை விளக்க ஒரு வகுப்பு முழுதும் வேண்டும்.

கைபேசியில் மட்டும் ஸ்ப்ரெட்ஷீட் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பாடம் சரிவராது. செல்லைத் தொட்டு ஃபார்முலாவைப் பார்ப்பதே அங்கே சிரமம், Ctrl+D-யும் இல்லை. ஒருவருக்கு ஒரு கணினி கிடைக்காவிட்டால் இருவரை உட்கார வைத்து, விசைப்பலகையை யார் பிடிப்பது என்று பணிக்குப் பணி மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் ஒருவர் இரண்டு மணி நேரமும் வேடிக்கைதான் பார்ப்பார். விசைப்பலகை கையில் இல்லாதவருக்கு அந்தத் தாள் வேலையைக் கொடுத்துவிடுகிறோம்: அடுத்த செல்லில் என்ன ஃபார்முலா இருக்கும் என்று அவர் எழுதுவார், மற்றவர் செல்லைத் தொட்டுக் காட்டுவார்.