‘என்று’வை விழுங்கும் மென்பொருள்: இரண்டாண்டு அனுபவம்

ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். வாங்கலாமா என்று மயிலாப்பூர் நண்பர் கேட்டிருக்கிறார். மேடைப் பேச்சு வீடியோவைக் கொடுத்தால் எழுத்தாக்கி, சரிபார்க்கத்தக்க வாக்கியங்களை மட்டும் ஓரமாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள் அது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் சிறு பத்திரிகைக்காக அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தைத் தொட்டால் வீடியோ அந்த நொடிக்கே போய் நிற்கும். இந்த ஒன்றுக்காகவே எத்தனையோ இரவுகள் அதை மன்னித்திருக்கிறேன்.

மன்னிக்க முடியாதது, அது வாக்கியத்தை வெட்டும் விதம். பேச்சில் இடைவெளி வந்தால் வாக்கியம் முடிந்தது என்பது அதன் கணக்கு. நம் பேச்சாளர்களோ ‘என்று’வுக்கு முன்னால்தான் கைதட்டலுக்காக நிறுத்துவார்கள். தமிழில் யார் சொன்னார், நடந்ததா இல்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தானே இருக்கிறது!

தீவுத்திடலில் ஒருவர் காவிரி பற்றிப் பேசினார். “ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நமக்கு உண்டு” என்றார், கைதட்டல். பிறகுதான் “என்று 2007இல் சொன்னார்கள். அதில் பதினாலே முக்காலைக் குறைத்தார்கள்” என்று முடித்தார். மென்பொருள் முதல் பாதியை மட்டும் அவருடைய கூற்றாக எடுத்து வைத்தது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அளவை 177.25 ஆக்கிவிட்டதே, ‘தவறு’ என்று நானும் குறித்துவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் வீடியோவை மறுபடி கேட்டதால் பிழைத்தேன். காவிரி நடுவர் மன்றம் 2007இல் 192 என்றுதான் தீர்ப்பளித்தது. அவர் சொன்னது சரி.

எழுத்தாக்கத்தில் முக்காலையும் மென்பொருள் விட்டுவிட்டு ‘14’ என்றே எழுதியிருந்தது. 192இலிருந்து 177.25ஐக் கழித்தால் 14.75 வரும். கழித்துப் பார்த்ததால்தான் அந்தப் பிழை அகப்பட்டது. கால், அரை, முக்கால் எதையும் அதை நம்பி விடுவதில்லை இப்போது. ஒலிபெருக்கி கரகரத்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் பத்து நொடி கேட்கிறேன். பிறகு யார், எதை, எவ்வளவு, எந்த இடத்தில், எப்போது என்று கூற்றை என் சொற்களில் முழுமையாக எழுதுகிறேன். இடத்தை விட்டால் வம்பு. 192 என்பது 2007 தீர்ப்பின்படி மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டியிருந்த நீர். அதே தீர்ப்பில் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419. இரண்டையும் குழப்பிக்கொண்டால், சரியாகப் பேசியவரையும் பொய்யராக்கிவிடலாம். தாளில் இதையெல்லாம் எழுதி முடித்த பிறகே தீர்ப்பு நகலைத் திறக்கிறேன். கேள்வியாக வருவதையும் விடுவதில்லை. “ஒரு சொட்டாவது வந்ததா?” என்பது வரவில்லை என்ற கூற்றுதான்; மென்பொருள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. இதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். என் சந்தாவை நேற்றுப் புதுப்பித்ததை மட்டும் எழுதவில்லை.