ஆற்காட்டு நிலத்துக்கு வேலூர் முத்திரை: நகல் வாங்கித் தரும் புரோக்கர்களிடம் உஷார்

வேலூரில் அரசு அலுவலகங்களைச் சுற்றி, "சர்டிஃபைட் காப்பி ரெண்டே நாள்ல எடுத்துத் தர்றேன் சார்" என்று ஆள் பிடிக்கிறவர்களிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் சின்ன மாமா ஆறாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்தார். பணம் போனதைவிட, கூண்டில் நிற்கும்போது காகிதம் கவிழ்த்துவிட்டதுதான் பெரிய அடி.

ஆற்காடு தாலுகாவில் மாமாவுக்குக் கொஞ்சம் நஞ்சை. அதற்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். 2024 கடைசியில் மாமா வழக்குப் போட்டார். அது வண்டிப்பாதை என்று காட்ட, சர்வே எண்வாரியாக நில விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டின் நகலும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலும் வேண்டும். இரண்டையும் அந்த ஆள் கொண்டுவந்து கொடுத்தார்.

சாட்சி விசாரணையில் அவற்றைச் சான்றாவணமாகக் குறியிடப் போனதும், எதிர்த்தரப்பு வக்கீல் உடனே எழுந்து ஆட்சேபித்தார். விவரமானவர். நிரூபிக்கும் முறை சரியில்லை என்பதை அந்த நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். குறியிட விட்டுவிட்டுப் பிறகு கிளப்பினால் எடுபடாது. காகிதத்தை வாங்கிப் பார்த்தவர் மாமாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, ஆற்காடு எந்த மாவட்டம்?"

"ராணிப்பேட்டைங்க."

2019 கடைசியிலேயே ராணிப்பேட்டை தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. நகலில் போட்டிருந்த தேதி 2024. வட்ட முத்திரையிலோ 'ஆற்காடு வட்டம், வேலூர் மாவட்டம்'. அதன் மேல் ஒரு கிறுக்கல், பக்கத்தில் 'உண்மை நகல்' என்று ரப்பர் ஸ்டாம்ப். கையெழுத்துப் போட்டவர் பெயரும் இல்லை, பதவியும் இல்லை. நீதிபதி குறியிட மறுத்துவிட்டார்.

முத்திரை சரியாக இருந்திருந்தாலும் அது தேறியிருக்காது. அ-பதிவேடு அரசு ஆவணம். அதைப் பராமரிக்கும் அலுவலரை நேரில் கூப்பிடாமலே, சான்றிட்ட நகலைக் கொடுத்து அதில் உள்ளதை நிரூபிக்கலாம். அந்த நகலை அசல் நகலென்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். பொய் என்று சொல்கிறவர்தான் அதை உடைக்க வேண்டும். ஆனால் சட்டம் சொன்ன வடிவத்தில் நகல் இருந்தால்தான் இந்தச் சலுகை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தில் 75, 78 பிரிவுகள் பேசுவது இதைத்தான். பழைய சாட்சியச் சட்டத்தில் 76, 79. பதிவேட்டைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர் சட்டப்படியான கட்டணம் வாங்கிக்கொண்டு, நகலின் அடியில் 'இது உண்மை நகல்' என்று எழுதி, தேதி, பெயர், பதவியோடு கையெழுத்திட்டு, அலுவலக முத்திரை வைத்திருக்க வேண்டும்.

நோட்டரியிடம் அட்டெஸ்டேஷன் வாங்கிய ஜெராக்ஸ் இதற்கு ஈடாகாது. அந்தப் பதிவேடு நோட்டரியின் பொறுப்பில் இல்லையே! இது தெரியாமல் கட்டுக்கட்டாக நோட்டரி முத்திரை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம்.

அந்த ஆள் சொன்ன இன்னொரு புளுகு: "சார்பதிவாளர் ஆபீஸ் நகல் இருந்தா போதும், மூலப்பத்திரமே வேணாம்." மாமாவின் கிரயப் பத்திரம் 1974-ல் எழுதியது, வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கிரயப் பத்திரம் இரண்டு தனி ஆட்களுக்குள் எழுதிக்கொண்டது. பதிவு செய்ததால் அது அரசு ஆவணம் ஆகிவிடாது. சார்பதிவாளர் தரும் நகல், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சான்றாகும், சரிதான். ஆனால் மூலம் கையில் இருக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். தொலைந்துபோனது, எதிராளியிடம் இருக்கிறது என்பது மாதிரி காரணத்தைக் காட்டிவிட்டுத்தான் நகலுக்குப் போக முடியும். எழுதிக்கொடுத்ததையே எதிராளி மறுத்தால் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டியும் வரும்.

பிறகு மாமாவே ஆற்காடு தாலுகா அலுவலகத்தில் மனு எழுதி, கட்டணம் கட்டி, ரசீதோடு நகல் வாங்கினார். இரண்டு நாளில் கிடைக்கவில்லை, அலைச்சல்தான். ஆனால் அடியில் பெயரும் பதவியும் தேதியும் முழுசாக இருந்தன. மறுபடி சாட்சியம் சொல்ல அனுமதி கேட்டு மனுப் போட்டுத்தான் அதைக் குறியிட முடிந்தது. இந்தத் தடவை எதிர்த்தரப்பு வக்கீல் முத்திரையை விட்டுவிட்டார். நகல் அசல்தான், ஆனால் பதிவேட்டில் எழுதியதே தப்பு என்று வாதாடுகிறார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. காகிதம் உண்மையானது என்ற அனுமானம், அதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று ஆக்கிவிடாது. அடுத்த வாய்தாவில் சர்வேயரை விசாரிக்கிறார்கள்.