சூரிய நமஸ்காரமா, வெயிட்டா? கொழுப்பு குறைய எது?

70 கிலோ எடையுள்ளவர், அரை மணி நேரம். தோராயக் கணக்கு இது.

நிதானமான ஆசனங்கள்: 90 கலோரி.
சூரிய நமஸ்காரம்: 115.
சாதாரண வெயிட் பயிற்சி: 120.
கனமாகத் தூக்கினால்: 200 வரை.

115 கலோரி என்பது சுமார் இரண்டு இட்லி, சட்னி கூட இல்லாமல். ஆக, கனமாகத் தூக்காதவரை எரிப்பதில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலுமே சாப்பாட்டைக் குறைக்காமல் தொப்பை பெரிதாக இறங்காது.

வித்தியாசம் அப்புறம்தான் தெரியும். சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கினால் தசை பெரும்பாலும் தங்கும். நமஸ்காரத்தில் சுமை உங்கள் உடம்பு மட்டும்தான். பழகியதும் தசைக்கு வேலை குறைந்துவிடும். முதுகையும் பின்தொடையையும் வலுவாக்கும், சுமையை இழுத்துத் தூக்கும் பயிற்சி அதில் கிட்டத்தட்ட இல்லை.

செலவு? பாய் போதும், ஜிம்முக்கு மாதச் சந்தா.

கொழுப்பு மட்டும் குறைய வேண்டுமென்றால் வாரம் மூன்று நாள் வெயிட். உடம்பு வளைய, மூச்சு சீராக, ஜிம் போக நேரமில்லாதவருக்கு நமஸ்காரம்.