பஸ், ரயில் நேர அட்டவணைத் தாள்களின் தலைப்பில் முதலில் பாதையா, கிழமையா?

ஹட்டனில் நிற்பவர் முதலில் தேடுவது ஊரைத்தான். ஆகவே என் ஓட்டு "ஹட்டன் – நுவரெலியா பஸ், தலவாக்கலை வழி, வார நாட்கள்" என்ற தலைப்புக்கே. ஊர்ப் பெயரைத் தட்டியதும் அந்தப் பாதையின் தாள்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ரயிலென்றால் "ஹட்டன் – நானுஓயா" என்று போட வேண்டும். நுவரெலியாவுக்கான ஸ்டேஷன் அதுதான். நகரத்துக்குள் ரயில் போகாது.

"திங்கள் – வெள்ளி: எல்லாப் பாதைகளும்" என்று கிழமையை முன்னால் வைத்தால் தொகுப்பவருக்குச் சுகம். ஆனால் ஒரு பஸ்ஸின் நேரம் மாறினாலும் முழுத் தாளும் பழசாகிவிடும். போயா புதன்கிழமை வந்தால் இன்னும் சிக்கல்: கிழமைப்படி வார நாள், நடைமுறையில் விடுமுறை. அதனால் பாதைத் தலைப்பிலும் "வார நாட்கள், போயா தவிர" என்று எழுதுவது நல்லது.

மண்சரிவில் ரயில் நானுஓயாவோடு நின்றுவிட்டால், "கொழும்பு – பதுளை" தலைப்பை அப்படியே விட்டு உள்ளே குறிப்பு எழுதினால் யார் பார்ப்பார்கள்? தலைப்பிலேயே "தற்காலிகம்: நானுஓயா வரை" என்று சேர்த்து, அமுலுக்கு வரும் திகதியையும் போட வேண்டும். "புதிய அட்டவணை" மட்டும் வேண்டாம், அடுத்த மாற்றத்துக்குப் பிறகும் அது புதியதாகவே இருக்கும்.