பகுபத உறுப்பிலக்கண ஸ்லைடு: சொல்லுக்குள்ளயே கலரா, பிரிச்சு வச்சு கலரா?

பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு பகுபத உறுப்பிலக்கணம் நடத்த ரெண்டு விதமா ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். ஒண்ணுல சொல்லு முழுசா அப்படியே இருக்கும், அதோட எழுத்துக்கே கலர். இன்னொண்ணுல மேல சொல்லு கருப்புல, கீழ உறுப்பு ஒவ்வொண்ணும் தனித்தனி கலர் கட்டத்துல.

பார்வைக்கு முதல் வகைதான் அழகு, போடுறதும் சுலபம். வாழ்க, செய்க மாதிரி சொல்லுக்கு பக்காவா பொருந்தும், ஏன்னா வாழ் நீலம், க ஊதான்னு எழுத்தோட எல்லையிலயே உறுப்பும் முடிஞ்சிடுது. ஆனா படித்தான் வந்ததும் மாட்டிக்கிட்டேன். படி + த் + த் + ஆன், இதுல 'தா'ங்கிற ஒரே எழுத்துல த் இடைநிலை, ஆ விகுதியோடது. நான் 'தா'வையும் விகுதி கலர்லயே போட்டுட்டேன், நோட்டைத் திருத்தும்போது பாத்தா பாதிப்பேர் 'படி + த் + தான்'னு எழுதி வச்சிருக்காங்க, முதல் த்-ஐயே இடைநிலைன்னு வேற போட்டிருக்காங்க. ஸ்லைடுல இருந்ததைத்தான் அவங்க எழுதினாங்க, தப்பு என்னோடது.

வந்தனன் இன்னும் மோசம். நடுவுல இருக்கிற ன-வுல மெய் சாரியையோடது, உயிர் விகுதியோடது. ஆ-வுக்காவது கால் இருக்கு, இங்க அகரத்துக்கு தனியா குறியே கிடையாது, அப்புறம் எதை செலக்ட் பண்ணி கலர் மாத்துறது?

அதனால இப்ப ரெண்டாவது வகைதான். மேல வந்தனன், அதுக்குக் கீழ 'வ ந் த் அ ன் அ ன்'னு உயிரையும் மெய்யையும் பிரிச்ச ஒரு வரி, அதுக்கும் கீழ கட்டம்: வா நீலம், சந்தி த் ஆரஞ்சு, இடைநிலை த் சிவப்பு, சாரியை அன் பச்சை, விகுதி அன் ஊதா. ரெண்டு த், ரெண்டு அன் பக்கத்துல பக்கத்துல நிக்கிற இடத்துலதான் கலரு நிஜமாவே உதவுது, எது எதுன்னு வாயால சொல்லிப் புரியவைக்கிறது கஷ்டம். நடுவுல இருக்கிற வரியை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, அது இல்லேன்னா கட்டத்துக்கும் மேல இருக்கிற சொல்லுக்கும் சம்பந்தமே தெரியாது.

விகாரத்துக்கு ஆறாவது கலர் நான் கொடுக்கல. அது தனியா ஒரு இடத்துல உக்கார்ற உறுப்பு இல்ல, வா வ-ன்னு குறுகினதும், சந்தி த் ந்-ஆனதும்தான் விகாரம். தனிக் கலர் கொடுத்தா ந் சந்தியா விகாரமான்னு பசங்க குழம்புவாங்க. கட்டம் அதே கலர்ல இருக்கட்டும், பழைய எழுத்துலேர்ந்து புதுசுக்கு ஒரு அம்புக்குறி போட்டா போதும்.

ரெண்டாவது வகைல ஒரு குறை, ஒரு ஸ்லைடுக்கு ஒரு சொல்லுதான் பிடிக்கும், ஒரு பீரியட்ல அஞ்சாறு தாண்டாது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறதா இருந்தா கட்டத்துக்குள்ள உறுப்போட பேரையும் எழுதிடுங்க, கருப்பு வெள்ளைல சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாதான் தெரியும்.