அம்மாவின் டப்பா: ஒரே குறும்படத்துக்கு மூன்று தொடக்கங்கள்

செங்குத்துக் காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது முதல் இரண்டு விநாடிக்கு மூன்று வழிகள் போட்டி போடும். சண்டையின் நடுவில் ஒரு வசனத்தோடு தொடங்கலாம். முடிவை முதலிலேயே காட்டிவிட்டுப் பின்னால் போகலாம். திரையில் ஒரு வரி எழுதிச் சூழலைச் சொல்லிவிடலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கடைசியில் வெடிக்கப்போவது எது என்பதைப் பொறுத்தே தொடக்கம் அமையும். அதனால் ஒரே கதையை மூன்று விதமாகவும் எழுதிப் பார்ப்போம்.

கதை இதுதான்: மகள் ஊரிலிருந்து சாப்பாடு எடுத்துப்போன எவர்சில்வர் டப்பாவை அலுவலகத்தில் யாரிடமோ கொடுத்துவிட்டாள். அம்மா விசாரிக்கிறாள். முப்பது விநாடிக்குள் முடிய வேண்டும். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை அனுமதிக்கிறது. ஆனால் ஒரே திருப்பம் உள்ள கதைக்கு அத்தனை நேரம் தேவையில்லை.

முதலில் வசனத் தொடக்கம். அம்மாவின் முகம் மட்டும் திரை முழுக்க. "உண்மையைச் சொல்லு. அது யார்கிட்ட இருக்கு?" மகளின் கை தட்டில் அப்படியே நிற்கிறது. "எதும்மா?" "தீபாவளிக்கு இங்கிருந்து எடுத்துட்டுப் போனியே, அது." ஆறு விநாடி ஆகியிருக்கும். நகையா, பணமா என்று பார்ப்பவர் மனம் ஓடத் தொடங்கிவிட்டது. மகள் மென்று முழுங்குகிறாள்: "ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கொடுத்தேன்." அப்பா பேப்பரை மடித்து வைக்கிறார். "யாரு அந்த ஒருத்தர்? போனைப் போடு." பதினைந்தாவது விநாடியில் ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல்: "ஆன்ட்டி, நாளைக்கே தந்துடறேன் ஆன்ட்டி." அம்மா போனை வாங்கி, "டப்பா மட்டும் வந்தாப் பத்தாது தம்பி. மூடியும் வரணும்" என்கிறாள். இருபதாவது விநாடியில் வெடிப்பு.

இங்கே தமிழே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. 'ஒருத்தன்', 'ஒருத்தி' என்று எழுதியிருந்தால் ஆள் யாரென்று அப்போதே தெரிந்திருக்கும். 'ஒருத்தர்' அதை மறைக்கிறது. 'அது' அஃறிணை என்பதால் பொருள் ஏதோ ஒன்று என்று மட்டும் சொல்லி, எது என்பதை விட்டுவிடுகிறது. இப்படி மறைத்தாலும் எந்த வரியும் பொய்யாக இருக்கக் கூடாது. முடிவு தெரிந்தபின் மறுபடி பார்ப்பவருக்கு ஒவ்வொரு வசனமும் டப்பாவுக்கே பொருந்த வேண்டும். "அது போச்சுன்னா நம்ம மானமே போச்சு" என்று மிகையாக ஒரு வரி சேர்த்தால் அந்த நேரத்துக்குச் சூடு ஏறும். திருப்பம் வந்ததும் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும். கருத்துப் பகுதியில் முதலில் பிடிபடுவது அந்த வரிதான்.

இந்த வழியில் அடிக்கடி நேரும் தவறு மிகச் சிறியது: நடிப்பவர் வசனத்துக்கு முன் மூச்சு இழுப்பது. அந்த அரை விநாடியில் படத்தில் எதுவும் நடப்பதில்லை. எடிட்டில் முதல் எழுத்தின் ஒலி தொடங்கும் இடத்தில் வெட்டிவிடுங்கள். முதல் வசனம் ஆறு சொல்லைத் தாண்டவும் வேண்டாம். "நீ போன தடவை தீபாவளிக்கு வந்தப்போ எடுத்துட்டுப் போனியே, அது இப்போ யார்கிட்ட இருக்கு" என்று எழுதினால், கேள்வி வருவதற்குள் விரல் மேலே தள்ளியிருக்கும். போன் ஸ்டாப்வாட்சை வைத்து நடிக்கும் வேகத்தில் உரக்கப் படித்துப் பாருங்கள். மனத்துக்குள் படித்தால் நேரம் எப்போதும் குறைவாகவே தெரியும்.

இனி முடிவை முதலில் காட்டும் வழி. இரவு பேருந்து நிலையத்தில் மகள் கையில் வெறும் மூடியோடு ஓடுகிறாள். ஏன் ஓடுகிறாள் என்ற கேள்வி கண்ணிலேயே பிறந்துவிடுகிறது, ஒலி இல்லாமல் பார்ப்பவரும் நிற்பார். காட்சி அத்தனை வலுவாக இருந்தால் இந்த வழிக்கு நிகரில்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தலை முதல் கால் வரை சாம்பாரில் நனைந்து நிற்பதுபோல, 'எப்படி நடந்தது' என்பதே சுவாரசியமாக இருக்கும் கதைகளுக்கு இது பொருந்தும். நம் கதையில் 'என்ன' என்பதுதான் ரகசியம். மூடியைக் காட்டிய நொடியில் டப்பா விஷயம் பாதி கசிந்துவிட்டது. அம்மாவின் விசாரணையில் பதற்றம் வராது. போதாக்குறைக்கு 'மூன்று மணி நேரம் முன்பு' என்ற அட்டைக்கு ஒன்றரை விநாடி, இன்னோர் இடம், இரவுப் படப்பிடிப்பு எல்லாம் கூடுதல். இந்தக் கதைக்கு இது வேண்டாம்.

மூன்றாவது, திரை எழுத்து. 'அம்மாவோட டப்பாவைத் தொலைச்சுட்டு வீட்டுக்குப் போனா...' என்று எழுதிவிட்டால் அந்த அனுபவம் உள்ள எல்லாரும் அடையாளம் கண்டு நிற்பார்கள். ஒரே அறையில் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். ஆனால் தலைப்பே டப்பாவைச் சொல்லிவிடுவதால் மூடி வசனம் வெடிப்பாக இருக்க முடியாது. வெடிப்பு வேறிடத்துக்கு நகர வேண்டும். அதற்கு நம் வீடுகளில் ஒரு வழி தயாராகவே இருக்கிறது: பாத்திரத்தில் பேர் வெட்டும் பழக்கம். அம்மா கோபத்தோடு அலமாரியைத் திறக்கிறாள். அப்பா ஒரு தூக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதுல மேல் வீட்டு சரோஜா பேர் வெட்டியிருக்கே?" என்கிறார். நீளம் பதினைந்து விநாடி போதும்.

எழுத்து வைக்கும்போது அளவும் இடமும் முக்கியம். ஆறேழு சொல், இரண்டு வரி, குறைந்தது இரண்டரை விநாடி. கொம்பும் காலும் சேர்ந்து தமிழ்ச் சொற்கள் அகலமாகப் போவதால் மெல்லிய எழுத்துரு போன் திரையில் கரைந்துவிடும், தடித்ததாக எடுங்கள். 9:16 சட்டத்தில் வலது ஓரத்தைப் பொத்தான்களும், அடிப்பகுதியைக் கணக்குப் பெயரும் விளக்கமும் மூடிவிடும். ஆகவே எழுத்து மேல் மூன்றிலொரு பங்கின் கீழ் விளிம்பை ஒட்டி, முகத்தை மறைக்காமல் இருக்கட்டும்.

இந்தக் கதைக்கு வசனத் தொடக்கமே சிறந்தது. ஆனால் மூன்றாம் வழியில் கிடைத்த பேர் வெட்டிய தூக்கை விட்டுவிட மனமில்லை. அதை மூடி வசனத்துக்குப் பின்னால் இரண்டாம் வெடிப்பாக வையுங்கள். இருபத்து நான்காவது விநாடியில் அப்பா பேரை வாசிக்கிறார். அம்மா பதில் சொல்வதற்குள் வாசலில் சரோஜாவின் குரல்: "அக்கா, உண்மையைச் சொல்லுங்க..." அங்கேயே வெட்டு. காணொளி தானாக மறுபடி தொடங்கும்போது அம்மாவின் முகமும் அதே சொற்களும் வந்து வட்டம் மூடிக்கொள்ளும். சரோஜாவின் வரியை முழுதாகச் சொல்லவிட்டால், அல்லது அம்மா அசடு வழியும் முகத்தை இரண்டு விநாடி பிடித்து வைத்தால், வட்டம் அறுந்துபோகும்.

வெளியிட்ட பிறகு பார்வை எண்ணிக்கையை வைத்துத் தொடக்கத்தை எடை போடாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் காணொளி ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வை. யூடியூப் ஸ்டுடியோவில் நின்று பார்த்தவர்கள் எத்தனை, தள்ளிவிட்டவர்கள் எத்தனை என்ற விகிதத்தையும், எந்த விநாடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் பார்வையாளர் தக்கவைப்பு வரைகோட்டையும் திறந்து பாருங்கள். கோடு முதல் இரண்டு விநாடியிலேயே செங்குத்தாக விழுந்தால் தொடக்க வசனத்தையோ அந்த முதல் மூச்சையோ மாற்ற வேண்டும். ஆறிலிருந்து பதினைந்துக்குள் சரிந்துகொண்டே போனால் விசாரணை நீளம். அப்பா பேப்பர் மடிக்கும் ஷாட்டை முதலில் எடுத்துவிடலாம். மூடி வசனத்துக்குச் சற்று முன் ஒரு பள்ளம் தெரிந்தால், போன் மணி அடிப்பதைக் காட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நேராக "ஆன்ட்டி" என்ற குரலுக்கு வெட்டுங்கள்.