ரெண்டு வீடியோவுக்கும் 54 வீதம்: யூடியூப் ஸ்டூடியோவின் முப்பது செக்கன் கணக்கோடு மூன்று வருடப் பழக்கம்

கல்முனையில் இருந்து சனல் நடத்தும் ஒரு தம்பி போன வாரம் இப்படிக் கேட்டார்: "அண்ணன், ரெண்டு வீடியோவுக்கும் முப்பது செக்கன்ல 54 வீதம்தானே நிக்குது. மறுகா ஏன் ஒண்டை மட்டும் வெட்டச் சொல்றீங்க?" போனில் சொல்லி முடிக்க முடியாத பதில் அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யூடியூப் ஸ்டூடியோவில் ஒரு வீடியோவின் பகுப்பாய்வைத் திறந்தால் Key moments for audience retention என்ற வரைபடம் வரும் என்பதும், அதில் Intro என்ற இடத்தில் முதல் முப்பது செக்கன் முடியும்போது எத்தனை வீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு எண் இருக்கும் என்பதும் சனல் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். நம்மில் பலர் அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் "என்ட தொடக்கம் நல்லா இருக்கு, இல்லை" என்று முடிவு கட்டுகிறோம். என் குறை அந்த எண் மீதுதான். எண் பொய் இல்லை. ஆனால் இரண்டு வேறு நோய்களை ஒரே பெயரில் எழுதித் தருகிறது.

தம்பியின் சனல் கணக்கை வெளியில் வைப்பது முறையில்லை. விளங்குவதற்காக முழு எண்களாக ஒரு உதாரணம் எடுப்போம். ஒன்று கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் எடுத்த மீன் பாடும் சத்தம் பற்றிய வீடியோ. மற்றது மருதமுனைக் கைத்தறிச் சேலை நெய்வது பற்றியது. இரண்டும் சரியாகப் பத்து நிமிடம், இரண்டுக்கும் முப்பதாம் செக்கனில் 54. இப்போது ஆறாம் செக்கனைத் தாண்டியதும் எத்தனை பேர் என்று பாருங்கள். மீன் வீடியோவில் 90, சேலை வீடியோவில் 68.

மீன் வீடியோவில் வந்த நூறு பேரில் பத்துப் பேர்தான் உடனே திரும்பிப் போனார்கள். மிச்சம் தொண்ணூறு பேரும் சத்தம் கேட்கலாம் என்று நம்பி உட்கார்ந்தவர்கள். அவர்களில் 36 பேரை அடுத்த இருபத்தைந்து செக்கனுக்குள் வீடியோவே துரத்தியிருக்கிறது. திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்: வணக்கம், சனல் பெயர், சுழன்று வரும் லோகோ, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்வது, வாவிக்கு மேலே ட்ரோன். சத்தம் நாலாவது நிமிடத்தில். சேலை வீடியோவில் கதை தலைகீழ். 32 பேர் முதல் சில செக்கனிலேயே போய்விட்டார்கள், அதன் பிறகு போனது 14 பேர் மட்டுமே. இதில் தொடக்கம் நன்றாக வேலை செய்கிறது. பிழை கிளிக் பண்ணுவதற்கு முன்னால் நடந்திருக்கிறது. தம்நெயிலில் சேலைகளையும் விலையையும் போட்டுவிட்டு, உள்ளே தறியும் நூலும் வந்தால், வாங்க நினைத்து வந்தவர் ஒரு கணமும் நிற்க மாட்டார்.

ஆகவே நான் பார்ப்பது இரண்டு எண். முதலாவது, தொடக்கச் சில செக்கனைத் தாண்டியவர்கள். அது தம்நெயில், தலைப்பு, முதல் காட்சி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று சொல்லும். இரண்டாவது, தாண்டியவர்களில் எத்தனை பேர் முப்பதில் மிஞ்சினார்கள் என்ற விகிதம். மீன் வீடியோவுக்கு 54ஐ 90ஆல் வகுத்தால் 60 வீதம். சேலைக்கு 54ஐ 68ஆல் வகுத்தால் 79 வீதம். தொடக்கத்தின் தரத்துக்கு இந்த இரண்டாவது எண்தான் சாட்சி. மூன்று வருடமாக இந்த ஒரு வகுத்தல் என்னை ஏமாற்றியது குறைவு. அது தரும் நிம்மதி பெரிது, ஏனென்றால் எதை வெட்ட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அது பிரித்துக் காட்டுகிறது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு தொடர் கோடாக, வழுக்கிக்கொண்டு இறங்குவது போல வரைபடத்தை வரைந்து தருகிறார்கள். பார்க்கிறவர் ஒவ்வொரு செக்கனுக்கும் அளவு இருக்கிறது என்றுதான் நினைப்பார். யூடியூப் தன் தரவு இடைமுகத்தில் தருவது ஒரு வீடியோவுக்கு நூறே நூறு புள்ளிகள், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும். ஒவ்வொரு புள்ளியும் மொத்த நீளத்தில் நூறில் ஒரு பங்குள்ள ஒரு பெட்டி. இரண்டு நிமிட வீடியோவில் பெட்டி 1.2 செக்கன். பத்து நிமிடத்தில் 6 செக்கன். இருபது நிமிடத்தில் 12 செக்கன். ஸ்டூடியோவில் நீளமான வீடியோவின் கோட்டின் மேல் மௌஸை மெதுவாக நகர்த்தினால் நேரம் குதித்துக் குதித்துப் போவதையும் காணலாம்.

இதன் விளைவு சின்னதில்லை. முதல் பெட்டிக்குள் வீடியோவைத் தொடங்கிய எல்லாரும் விழுவார்கள், ஆகவே அது எப்போதும் நூறை ஒட்டியே நிற்கும். பத்து நிமிட வீடியோவில் முதல் ஆறு செக்கனில் ஓடியவர்கள் இரண்டாவது பெட்டியில், அதாவது 6 முதல் 12 செக்கன் வரையில் இல்லாமல் போவதை வைத்துத்தான் தெரிவார்கள். இருபது நிமிட வீடியோவில் பன்னிரண்டு செக்கனுக்கு உள்ளே நடந்தது எதுவும் தனியாகத் தெரியாது. பொத்துவில் பக்கம் நீண்ட பயண வீடியோ போடுகிறவர் "என்ட ஐந்தாவது செக்கன் நல்லா இருக்கு" என்று சந்தோசப்பட்டால், அவர் பார்ப்பது முதல் பெட்டியை. ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு நல்ல செய்தியை அந்த வழவழப்பான கோடு அவருக்குக் காட்டிவிட்டது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கணினி பழக்கம் உள்ளவர்கள் YouTube Analytics API என்ற அந்தத் தரவு இடைமுகத்தில் நேரே எடுத்துப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஒரு வீடியோதான் கேட்க முடியும்.

```
ids=channel==MINE
metrics=audienceWatchRatio
dimensions=elapsedVideoTimeRatio
filters=video==VIDEO_ID
startDate=YYYY-MM-DD
endDate=YYYY-MM-DD
```

வரும் நூறு வரியில் நமக்கு வேண்டியது இரண்டு. ஒரு செக்கன் எந்தப் பெட்டியில் விழும் என்று கண்டுபிடிக்க, செக்கனை 100ஆல் பெருக்கி, வீடியோவின் மொத்தச் செக்கனால் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். கீழே t என்பது செக்கன், L மொத்த நீளம், W ஒரு பெட்டியில் நிற்கும் எண், அது 0.54 என்று வந்தால் 54 வீதம். n8, n30 என்பவை எட்டாம், முப்பதாம் செக்கன் விழும் பெட்டிகள்.

```
n    = floor(t * 100 / L) + 1
hold = W[n30] / W[n8]
```

எட்டாம் செக்கனை எடுப்பதற்குக் காரணம், பத்து நிமிடத்தை ஒட்டிய வீடியோக்களில் அது இரண்டாவது பெட்டிக்குள் வசதியாக விழும். 600 செக்கன் வீடியோவில் எட்டாம் செக்கன் பெட்டி 2, முப்பதாம் செக்கன் பெட்டி 6, அது 30 முதல் 36 வரை. அதே கணக்கை 12 நிமிடம் 34 செக்கன் வீடியோவுக்குப் போட்டால் முப்பதாம் செக்கன் பெட்டி 4இல் விழும், அது 22.6இல் தொடங்கி 30.2இல் முடிகிறது. முதல் வீடியோவில் முப்பதுக்குப் பிந்தியவர்களையும், இரண்டாவதில் முப்பதுக்கு முந்தியவர்களையும் எண்ணுகிறோம். இரண்டாவது வீடியோ சும்மாவே கொஞ்சம் நல்லதாகத் தெரியும். நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக உள்ள வீடியோக்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று நான் சலிக்காமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பொறி, நல்ல தொடக்கம் வைத்தவர்களை மட்டும் பிடிப்பது. பெட்டியில் நிற்கும் எண் ஆட்களை எண்ணுவதில்லை. அந்தப் பகுதி எத்தனை தடவை ஓடியது என்பதை மொத்தப் பார்வைகளால் வகுப்பது. பின்னுக்கு இழுத்துத் திரும்பக் கேட்டால் அது நூறைத் தாண்டும். மீன் பாடும் சத்தத்தை எட்டாம் செக்கனுக்குக் கொண்டுவந்து வைத்தீர்கள் என்று எடுங்கள். ஆட்கள் காதைக் கிட்ட வைத்து இன்னொரு தரம் கேட்பார்கள். இரண்டாம் பெட்டி 110, ஆறாம் பெட்டி 77 என்று வந்தால் விகிதம் 70 வீதம்தான். அதைப் பார்த்து, 79 வாங்கிய சேலை வீடியோவைவிடத் தொடக்கம் மோசம் என்று சொன்னால் பெரிய அநியாயம். முப்பதில் 54 இருந்த இடத்தில் இப்போது 77 நிற்கிறது. இரண்டாம் பெட்டி நூறைத் தாண்டினால் வகுத்தலைத் தூக்கி வைத்துவிட்டு, முப்பதின் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஒப்பிடும் வீடியோக்களின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் சில நாளில் வருகிறவர்களில் சந்தாதாரர் அதிகம், பிறகு தேடலில் அந்நியர்கள் வருவார்கள். ஆகவே ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் ஏழு நாளை மட்டும் எடுப்பது வழக்கம். யூடியூப்பின் நாள் பசிபிக் நேரப்படி மாறுவது, நமக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கு, அவர்களுடைய குளிர்காலத்தில் ஒன்றரைக்கு. காலையில் போட்ட வீடியோவுக்கும் பின்னேரம் போட்டதற்கும் முதல் நாளின் நீளம் ஒன்றில்லை. ஏழு நாளில் அது கரைந்துவிடும், ஒரு நாளில் கரையாது.

பார்வை எண்ணிக்கை குறைவான சனல்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வீடியோவுக்கும் தலா 150 பார்வை இருந்தால், முப்பதாம் செக்கனில் பதினொரு புள்ளி வரை வரும் வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்கலாம். தலா ஆயிரம் பார்வை என்றால் அது நாலைந்து புள்ளியாகச் சுருங்கும். 150 பார்வையில் 58, 52 என்று பார்த்து லோகோவை மாற்றுகிறவர்கள் நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு சொல்லியும், தீர்ப்பு என்று கேட்டால்: ஸ்டூடியோவில் தெரியும் அந்த ஒற்றை Intro எண்ணை நம்பித் தொடக்கத்தை மாற்ற வேண்டாம். இருபது நிமிட வீடியோ போடுகிறவர்களுக்கு இந்த முறை முழுவதையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன், அவர்களுக்கு முதல் செக்கன்கள் தெரிவதே இல்லை. பத்து நிமிடத்தை ஒட்டிய வீடியோக்களுக்கு நான் இந்த வகுத்தலை விடப்போவதில்லை என்பதும் உண்மை.

தம்பிக்குப் பதில்: மீன் வீடியோவை ஸ்டூடியோ எடிட்டரில் திறந்து வணக்கமும் லோகோவும் உள்ள முன்பகுதியை வெட்டுங்கள். இணைப்பும் பார்வைகளும் கருத்துகளும் அப்படியே இருக்கும். நாலாவது நிமிடச் சத்தத்தை முன்னுக்குத் தூக்கி வைக்க அந்த எடிட்டரால் முடியாது, அதற்குப் புதிதாக ஏற்ற வேண்டும். வெட்டியபின் நீளம் மாறும், பெட்டிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். சேலை வீடியோவில் ஒரு செக்கனையும் தொடாதீர்கள். தம்நெயிலில் விலையை எடுத்துவிட்டுத் தறியில் நிற்கும் கையைப் போடுங்கள். மாற்றிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஏழு நாள் எடுத்து, இரண்டாம் பெட்டி 68இலிருந்து நகர்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.